எல்லாம் சேர்த்து எவ்வளவு

எங்கள் கல்பட்டறையின் இணையப் பக்கத்தைத் திறந்தால் முதலில் விலை தெரியாது. பின்கோடு கேட்கும். அதைப் போட்ட பிறகுதான் கல்லின் படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரே ஒரு தொகை வரும். அதற்குக் கீழே கல்லுக்கு இவ்வளவு, உங்கள் ஊருக்குக் கொண்டுவந்து இறக்க இவ்வளவு, ஜி.எஸ்.டி. இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கும். கடைசியில் பணம் கட்டும் இடத்திலும் அதே தொகைதான் நிற்கும். ஒரு ரூபாய் ஏறாது.

இதைப் பார்த்து ஆனந்தராஜ் அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. திண்டிவனத்தில் எங்களுக்கு நாலு கடை தள்ளி அவரும் கல்லறைக் கல்தான் செய்கிறார்.

"இன்னாம்மா பானு, நானும் நீயும் ஒரே கல்ல ஒரே ரேட்டுக்குதான் விக்கிறோம். போன்ல பாக்கறவனுக்கு நான் ஆறாயிரத்து ஐந்நூறு, நீ ஒன்பதாயிரத்து சொச்சம். எவன் உன்கிட்ட வருவான்? எவனோ உனக்கு செய்வினை வெச்சுட்டான்."

"யாரும் வெக்கலண்ணே. நானே வெச்சுக்கினேன்," என்பேன். அவருக்கு அது வேடிக்கைப் பேச்சு. எனக்கு இல்லை.

எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டிலும் சொல்வார்கள், கட்டிக்கொண்ட வீட்டிலும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நான் பேச வேண்டிய ஒரே இடத்தில் பேசாமல் விட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெயர் கோபி. கிரானைட் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டி, எழுத்தின் மேல் மட்டும் மணலைப் பீய்ச்சி வெட்டி, பொன்வண்ணம் பூசித் தருவார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. வருஷம் முழுக்க ஈ ஓட்டினாலும், நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஒரு மாசம் எங்களுக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. அன்றைக்கு எல்லோரும் கல்லறைக்குப் போய், சுத்தம் பண்ணி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதற்குள் கல் நட்டாக வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பட்டறையில் நின்று விலை சொன்னால் அது கல்லுக்கு மட்டும். வந்தவர் அடுத்த மூச்சிலேயே "வண்டி எவ்ளோ?" என்று கேட்பார். அதற்கடுத்து "பில்லோட எவ்ளோ?" என்பார். நாங்கள் சொல்வோம், அவர் குறைக்கச் சொல்வார், டீ வரும், பேச்சு முடியும். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. கேட்க ஒரு ஆளும் சொல்ல ஒரு ஆளும் எதிர் எதிரே நிற்கிறோம், அவ்வளவுதான்.

2022 தொடக்கத்தில் நான் அந்த இணையப் பக்கத்தை ஆரம்பித்தேன். பி.காம். படித்துவிட்டு பில் புத்தகத்தில் தேதி போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய விஷயம். மாசச் சந்தா கட்டினால் கடை மாதிரி ஒரு பக்கத்தை அவர்களே தருவார்கள். நாம் படம் போட வேண்டும், விலை போட வேண்டும், ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் மாற்ற வேண்டும். பெரிய சிலுவை செதுக்கிய இரண்டடிக் கல்லுக்கு 6,500 என்று போட்டேன். பட்டறையில் சொல்கிற அதே விலை. 'விலையில் வரி சேர்ந்ததா?' என்று ஒரு கட்டம் கேட்டது. அதில் டிக் அடிக்கவில்லை. அதனால் வரியும் வண்டி வாடகையும் கடைசிப் பக்கத்தில்தான் ஏறும். கல்லுக்குக் கீழே பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. வரியும் டெலிவரியும் பணம் கட்டும்போது கணக்கிடப்படும் என்று அர்த்தம்.

பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் தமிழாக்கினேன். 'கூடையில் சேர்', 'பிடித்தவை', 'பெயரும் தேதியும் எழுதுக', எல்லாம். அந்த ஒரு வரியை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டேன்.

மறந்து விட்டதில்லை. நானும் கோபியும் உட்கார்ந்து பேசி விட்டது.

"ஆனந்தராஜ் ஆறாயிரத்து ஐந்நூறுன்னு போட்டுக்கினு இருக்கான். நாம எல்லாத்தையும் சேத்து போட்டா எவனும் கல்ல தொட்டுக்கூட பாக்கமாட்டான்," என்றார் கோபி.

"உள்ள வந்துட்டா வாங்கிடுவாங்க. தூரத்துலருந்து பாக்கும்போது கம்மியா தெரியணும்," என்றது நான்தான். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

பக்கம் ஓட ஆரம்பித்த ஒரு மாசத்தில் இருதயமேரி என்ற பெயர் வந்தது. போன் நம்பரைக் கொடுத்துப் பதிந்து, அந்தச் சிலுவைக் கல்லை 'பிடித்தவை'யில் வைத்திருந்தார். ஊர், விழுப்புரத்திலிருந்து கண்டமங்கலம் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். வாங்கவில்லை. அடுத்த மாசம் முதல் வாரம் வந்து அதே கல்லைப் பார்த்தார். அதற்கடுத்த மாசமும் பார்த்தார். யார் எப்போது வந்து எதைப் பார்த்தார்கள் என்று எனக்கு லிஸ்ட் வரும். மாசா மாசம் முதல் வாரம் தவறாமல் அந்தப் பெயர் வந்தது.

"உங்க கல்லுக்கு ஒரு ரசிகை இருக்காங்க. மாசம் ஒருக்கா வந்து முகத்த பாத்துட்டு போறாங்க," என்று கோபியைக் கேலி பண்ணுவேன்.

"கண்டிப்பா வாங்கும். பாத்துக்கினே இருக்கறது வாங்கும்," என்பார் அவர்.

ரெண்டு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. 2024 ஆகஸ்டில் கடை வாட்ஸ்அப்புக்கு அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. இன்னும் அது என் போனில் இருக்கிறது. அழிக்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை.

"கண்ணு, நான் மேரி பேசறேன். அந்த சிலுவ போட்ட கல்லு ஆறாயிரத்து ஐந்நூறுதான? கல்லற திருநாளு வரைக்கும் ஏறாதுல்ல? ஏறும்னா சொல்லிடு கண்ணு, அதுக்கு தக்கன நான் பாத்துக்கறேன்."

நான் சாதம் வடித்துக்கொண்டே பதில் பேசினேன். "ஆமாம்மா, ஆறாயிரத்து ஐந்நூறுதான். ஒரு ரூபா ஏறாது, நான் கேரண்டி. நிம்மதியா இருங்க."

ஒரு ரூபாய் ஏறாது என்று சொன்னேன். நிம்மதியாக இருக்கவும் சொன்னேன். கல்லின் விலை ஏறாதுதான், பொய்யில்லை. அந்த அம்மா கேட்டது கல்லின் விலையை இல்லை. தன் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கேட்டார். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'அதற்குத் தக்கன பார்த்துக்கொள்கிறேன்' என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி கூடையில் கல் விழுந்தது. பெயர், தேதி எல்லாம் நிரப்பியிருந்தார். அவர் முகவரிக்கு வண்டி வாடகை 1,500. கல்லும் வண்டியும் சேர்ந்து 8,000. வண்டி வாடகையை நாங்களே பில்லில் வாங்குவதால் அதற்கும் கல்லுக்கு உண்டான பதினெட்டு சதவீதம் வரி உண்டு. ஆக வரி மட்டும் 1,440. மொத்தம் 9,440. கடைசிப் பக்கம் வரை வந்து நின்றுவிட்டார்.

அன்று சாயங்காலமே திரும்ப வந்தார். மறுநாள் காலையில் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். நாலு முறை கல்லைக் கூடையில் போட்டு, நாலு முறை கடைசிப் பக்கம் போய், நாலு முறையும் மூடிவிட்டார்.

எனக்கு எரிச்சல். அடுத்த வாரம் தீபாவளி வேறு. வண்டி ஓட்டுகிறவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், மணல் பீய்ச்சுகிற மிஷின் மக்கர் பண்ணுகிறது, எழுபது கல் வெளியே போக வேண்டும். "இந்தம்மா போட்டு போட்டு எடுக்குது, விளையாட்டு காட்டிக்கினு இருக்குது. ஒரே பேஜாரு," என்று கோபியிடம் கத்தினேன். நம்பர் இருந்தது. ஒரு போன் பண்ணியிருக்கலாம், ரெண்டு நிமிஷம். பண்ணவில்லை.

போன் நான் பண்ணவில்லை. ஆனால் என் இணையப் பக்கம் அவருக்குச் செய்தி அனுப்பியது. கூடையில் போட்டு வாங்காமல் போகிறவர்களுக்குத் தானாக மூன்று செய்தி போகும். அதையும் நான்தான் தமிழில் எழுதி வைத்திருந்தேன். 'வணக்கம் இருதயமேரி! உங்கள் கூடையில் ஒரு பொருள் ஆசையாகக் காத்திருக்கிறது. சீக்கிரம் வாங்கிவிடுங்கள்!' கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சி.

கல்லறைத் திருநாள் சனிக்கிழமை வந்தது. எங்களுக்கு நல்ல வியாபாரம். ஞாயிறு முழுக்கத் தூங்கினோம். திங்கள், செவ்வாய் பாக்கி வேலை. புதன்கிழமைதான் பக்கத்தைத் திறந்து, கூடையில் போட்டுவிட்டுப் போனவர்கள் லிஸ்ட்டைப் பார்த்தேன். முதலில் இருதயமேரி. அதுவரை நான் தொகையை மட்டும்தான் பார்த்திருந்தேன். அன்றைக்குத்தான் கல்லில் எழுதச் சொன்னதைப் படித்தேன்.

'அலெக்ஸ். பிறப்பு 1999. இறப்பு 10.2.2019. அம்மா தினமும் வருவேன்.'

எனக்கு ஒரு பையன் இருக்கிறான். ஆறு வயது. அதற்கு மேல் என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

போன் பண்ணினேன். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடி பண்ணினேன். அதன் பிறகுதான் மண்டையில் உறைத்தது. குரல் செய்தியைத் தேடிப்பிடித்து, அவர் பேசியதையும் கேட்டேன், நான் பேசியதையும் கேட்டேன். கோபியைக் கூப்பிட்டு அவருக்கும் போட்டுக் காட்டினேன்.

"நீ ஆறாயிரத்து ஐந்நூறுன்னு சொன்னதுல தப்பு இல்ல பானு. நம்ம தொழில்ல அப்படித்தான் சொல்லுவோம்," என்றார் அவர்.

"அந்தம்மா நம்ம தொழில்ல இல்லீங்க."

"இப்ப இன்னா பண்ண சொல்ற?"

"கல்ல வெட்டுங்க. நாம கொண்டும்போய் குடுத்துட்டு வரலாம்."

"திருநாளு முடிஞ்சு போச்சே."

"பையன் அங்கதான இருக்கான்," என்றேன்.

முழுப்பணம் வராமல் ஒரு எழுத்துகூட வெட்டாத மனுஷன் அன்றைக்கு மறுபேச்சு பேசவில்லை. ரெண்டு நாளில் கல் தயாரானது. 'அம்மா தினமும் வருவேன்' என்ற வரிக்குப் பொன்வண்ணம் பூசும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணல் விழுந்துவிட்டது என்றார். அப்போது மிஷின் ஓடவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை குட்டியானை மினி லாரியில் கல்லை ஏற்றி, வைக்கோல் பரப்பிக் கட்டினோம். கோபி ஓட்டினார், நான் பக்கத்தில். மழை பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது. விக்கிரவாண்டி டோல் தாண்டும்வரை நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். மன்னிப்பை எப்படிக் கேட்பது, காசு வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது, அந்த அம்மா திட்டினால் வாயை எப்படி மூடிக்கொண்டு நிற்பது. திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

விழுப்புரம் தாண்டிக் கிராமத்துக்குள் நுழைந்து விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். ஓடு போட்ட சின்ன வீடு. வாசலில் தார்ப்பாய் விரித்து, அம்பது வயசு இருக்கிற ஒரு அம்மா மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்து எழுந்தார். பின்னால் வைக்கோலுக்கு வெளியே தெரிந்த சிலுவையின் தலையைப் பார்த்ததும் கையில் இருந்த கடலையைக் கீழே போட்டுவிட்டார்.

"திண்டிவனமாம்மா?" என்றார்.

"ஆமாம்மா. நான்தான் பானுப்ரியா."

"நான் பணம் கட்டலயே கண்ணு."

நான் ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வரவில்லை. "தெரியும்மா," என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சுவரில் மாலை போட்ட படத்தில் ஒல்லியாக ஒரு பையன், கண்ணாடி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். பொம்மையார்பாளையம் கடலில் சிநேகிதர்களோடு குளிக்கப் போனவன் என்றார். சட்டையையும் போனையும் கரையில் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறான். அந்தப் போன்தான் இப்போது இந்த அம்மா கையில் இருந்தது. கண்ணாடி கோணல்மாணலாக வெடித்திருந்தது. அதில்தான் மாசா மாசம் எங்கள் கல்லைப் பார்த்திருக்கிறார்.

"நூறு நாள் வேல கூலி பேங்க்ல உழும். அதுல மாசம் இருநூறு எடுக்காம உட்டுடுவேன். உட்டுட்டு உங்க கல்ல ஒரு வாட்டி பாப்பேன், வெல ஏறியிருக்குதான்னு. முப்பத்திமூணு மாசம். உன் புண்ணியம், ஏறவே இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கடைசில ஒன்பதாயிரத்து நானூத்தி நாப்பதுன்னு காட்டிச்சு. எனக்கு தமிழ்தான் படிக்க தெரியும், நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன். அழிச்சுட்டு திரும்ப போட்டேன். நாலு வாட்டி போட்டேன். அப்பவும் அதே வந்துச்சு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா," என்றார் கோபி.

"எப்படிப்பா பண்ணுவேன்? இந்த பொண்ணு தன் வாயால ஆறாயிரத்து ஐந்நூறுதான், கேரண்டின்னு சொல்லிச்சு. இப்ப போயி இன்னாம்மா இப்படி காட்டுதுன்னு கேட்டா, நீ பொய் சொல்லிட்டன்னு சொல்ற மாதிரி ஆயிடும்ல. நல்லா பேசுன பொண்ண எப்படி கேக்கறது? பேங்க்லருந்து பணத்த எடுத்துக்கினு நேர்லயே வந்துடலாம்னு பாத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். சண்டைக்கு வந்தவ மாதிரி இருக்குமேன்னு திரும்பிட்டேன். அப்புறம் நீயே வாங்கலயா, வாங்கலயான்னு மூணு வாட்டி எழுதி கேட்டிருந்த. பாவம், ஆசையா கேக்குதே, நம்மகிட்ட இல்லியேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அந்தச் சிரிக்கிற மூஞ்சிச் செய்தியை நானே உட்கார்ந்து எழுதிக் கேட்டதாக அவர் நினைத்திருக்கிறார். அடி பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வேறு என்ன பண்ண முடியும்?

"அம்மா, தப்பு முழுக்க என்னுதும்மா," என்றேன். "மொதல் நாளே மொத்தத்த போட்டிருக்கணும். வேணும்னேதான் போடல. கம்மியா தெரியட்டும்னு போடல. நீங்க கேட்டப்பகூட சொல்லல. கல்லு உங்களுது. ஒரு பைசா வேணாம். வாங்க, இப்பவே போயி நட்டுடலாம். இவரே நடுவாரு, சிமெண்டும் கொண்டாந்திருக்கோம்."

இருதயமேரி அம்மா கோபியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டார். "வாங்க," என்றார்.

கல்லறைத் தோட்டம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். வண்டி அவருக்குப் பின்னால் மெதுவாக வந்தது, நான் அவரோடு நடந்தேன். சின்ன இடம். சுற்றி மதில், உள்ளே அடைத்து அடைத்துக் கல்லறைகள். திருநாளுக்குப் போட்ட சாமந்தி மழையில் அழுகிக் கிடந்தது. அவர் நேராக ஒரு மூலைக்குப் போய் நின்றார்.

அங்கே ஒரு புது மேடு இருந்தது. ஈரமண். மேலே மாலை இன்னும் வாடக்கூட இல்லை. ஒரு மரச்சிலுவையில் யாரோ ஒரு பெரியவரின் பெயரும், எழுபத்தொன்பது வயது என்றும் எழுதியிருந்தது.

எனக்குப் புரியவில்லை. "அலெக்ஸ் எங்கம்மா?" என்றேன்.

"கீழ," என்றார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். இடம் பற்றாத கல்லறைத் தோட்டம். கல் கட்டாத குழி என்றால் ஐந்து வருஷம் ஆனதும் வரிசைப்படி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். எல்லோருக்கும் பொதுவான ஏற்பாடு. அலெக்ஸுக்குப் பிப்ரவரியிலேயே ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. சர்ச் சாமியாரிடம் போய், கல்லுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன், இந்தக் கல்லறைத் திருநாள் வரைக்கும் விடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவரும் விட்டார். திருநாள் அன்றைக்குக் கல் இல்லை. திங்கட்கிழமை அந்தப் பெரியவர் இறந்துபோனார். செவ்வாய்க்கிழமை தோண்டினார்கள்.

"சாமியார் மேல தப்பு இல்ல. ஒரு வார்த்த வந்து கேட்டாரு. கல்லு வருதா மேரின்னு. நான் இல்ல சாமின்னுட்டேன். வரும்னு எத வெச்சு சொல்றது?"

தோண்டியபோது அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். எலும்பை ஒரு வெள்ளைத் துணியில் கட்டி அடியிலேயே வைத்து மூடினார்களாம். "அவன் போட்டிருந்த பெல்ட் பக்கிள் கெடச்சுது," என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் கோணியது.

நாங்கள் போன் பண்ணிய புதன்கிழமை, மகனை மறுபடியும் புதைத்த மறுநாள். அதனால்தான் எடுக்கவில்லை.

நான் அழுதேன். மூக்கு ஒழுக, சத்தம் போட்டு, அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் வெட்கமில்லாமல் அழுதேன். அந்த அம்மாதான் என் முதுகைத் தடவினார். அது என்னை இன்னும் கொன்றது.

"அழாத கண்ணு. நீ வேணும்னேவா செஞ்ச?"

வேண்டுமென்றுதான் செய்தேன் என்று முன்பே சொல்லிவிட்டேன். அது அவர் காதில் ஏறவில்லை. ஒரு நல்ல பெண் தன்னை ஏமாற்றியிருப்பாள் என்று நினைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றார். மேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பணம் பெருசில்லம்மா. மொதல்லயே ஒன்பதாயிரத்து நானூத்தி நாப்பதுன்னு போட்டிருந்தா, இருநூறுக்கு பதிலா இருநூத்தி தொண்ணூறு உட்டிருப்பேன். ராத்திரி படுக்கும்போது கணக்கு போட்டு பாத்தேன். மாசம் தொண்ணூறு ரூபாதான். வெத்தலய உட்டிருந்தா போதும்."

கோபி வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

கல்லை எங்கே இறக்குவது? அந்த மேட்டில் நட முடியாது, அது இன்னொரு குடும்பத்தின் துக்கம். திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. அதில் ஒரு பெயர் இருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டு வேறு பெயர் போட எங்கள் ரெண்டு பேருக்கும் கை வராது. கடைசியில் அவரே சொன்னார். "ஊட்டுக்கு கொண்டாங்க. அவன் படுத்துக்கினு இருந்த எடத்துல சாத்தி வெச்சிடலாம்."

பக்கத்து வீட்டு ஆளையும் கூப்பிட்டு நாலு பேராகப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோய், படத்துக்குக் கீழே சுவரோரமாகச் சாத்தினோம். அவர் தரையில் உட்கார்ந்து, ஈரத்துணியால் கல்லைத் துடைத்தார். ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிப் படித்தார். அலெக்ஸ் என்பதை ரெண்டு தரம் தடவினார். 'அம்மா தினமும் வருவேன்' என்ற வரிக்கு வந்ததும் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"அழகா வெட்டியிருக்கீங்கப்பா," என்றார் கோபியிடம்.

நாங்கள் கிளம்புவதாகச் சொன்னோம். "இருங்க," என்று எழுந்து பெட்டியைத் திறந்தார். ஒரு கைக்குட்டை முடிச்சோடு வந்தார். தீபாவளிக்கு முன்னால் பேங்கிலிருந்து எடுத்தது. அவிழ்த்து என் முன்னால் வைத்தார். எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள். பதின்மூன்று இருந்தது.

"வேணாம்மா," என்றேன். "தயவுசெஞ்சு வேணாம்."

"சும்மா வாங்குனா அது நான் போட்ட கல்லா இருக்காது கண்ணு. எம்புள்ளைக்கு நான்தான் போடணும்." அந்தத் தாள்களின் மேல் கையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். கோபம் துளிகூட இல்லை. சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற கவனம் மட்டும்தான் இருந்தது.

"மீதிய மாசா மாசம் குடுத்துடறேன். இந்த வாட்டி மட்டும் மொதல்லயே சொல்லிடு கண்ணு. வரி, வண்டி, எல்லாம் சேத்து எவ்ளோ?"